அறிவிப்புப் பலகையில் எந்தத் தமிழ்?

கேள்வி: பேரூராட்சி அலுவலகத்தில் பொதுமக்களுக்கான அறிவிப்புகளை நான்தான் எழுதுகிறேன். முன்பு இருந்தவர்கள் எழுதியது மாதிரியே எழுதினால் மக்களுக்குப் புரிவதில்லை, படித்துவிட்டு உள்ளே வந்து மறுபடி கேட்கிறார்கள். பேசுவது மாதிரி எழுதிக் கொடுத்தால் "இது என்ன வாட்ஸ்அப் மெசேஜா" என்று செயல் அலுவலர் திருப்பி அனுப்புகிறார். மரியாதையும் இருக்க வேண்டும், விறைப்பும் இருக்கக் கூடாது. எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா, கோட்டை எங்கே போடுவது?

பதில்:

இலக்கணத்தை எழுத்துத் தமிழிலேயே வையுங்கள், சொற்களை மக்கள் வாயில் புழங்குகிற இடத்திலிருந்து எடுங்கள். சுருக்கமாக இவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு பக்கம் "யாதெனில்" என்றும் இன்னொரு பக்கம் "வெச்சுக்கோங்க" என்றும் ஊசலாடுகிறோம். அறிவிப்பு விறைப்பாக இருப்பதற்கு எழுத்துத் தமிழின் இலக்கணம் காரணமே இல்லை. விறைப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது, அதைத்தான் கண்டுபிடித்து வெட்ட வேண்டும்.

ஒரே ஒரு அறிவிப்பை எடுத்துப் பார்ப்போம். குழாயில் கசிவு, இரண்டு நாள் தண்ணீர் வராது. உங்கள் அலுவலகத்தில் இது எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும்:

"இதனால் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில், பேரூராட்சிக்குட்பட்ட வார்டு 4 முதல் 7 வரையிலான பகுதிகளுக்குக் குடிநீர் வழங்கும் பிரதான குழாயில் ஏற்பட்டுள்ள கசிவினைச் சீரமைக்கும் பணிகள் மேற்கொள்ளப்படவுள்ளதால், எதிர்வரும் 12.03.2025 மற்றும் 13.03.2025 ஆகிய இரு தினங்களுக்கு மேற்படி பகுதிகளில் குடிநீர் விநியோகம் நிறுத்தம் செய்யப்படவுள்ளது. எனவே பொதுமக்கள் தங்களுக்குத் தேவையான குடிநீரினை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டு பேரூராட்சி நிர்வாகத்திற்கு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இதற்கு எதிர்ப்பக்கம், செயல் அலுவலர் திருப்பி அனுப்பியது அநேகமாக இப்படி இருந்திருக்கும்:

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. 4வது வார்டுல இருந்து 7வது வார்டு வரைக்கும் வர்ற மெயின் பைப்ல லீக் ஆகுது, அத சரி பண்ணப் போறோம். அதனால புதன், வியாழன் ரெண்டு நாளும் தண்ணி வராது. முன்னாடியே புடிச்சு வெச்சுக்கோங்க."

நான் எழுதுவதாக இருந்தால்:

"4, 5, 6, 7ஆம் வார்டுகளில் இரண்டு நாள் குடிநீர் வராது

மார்ச் 12 (புதன்), 13 (வியாழன்) ஆகிய இரண்டு நாட்களும் 4, 5, 6, 7ஆம் வார்டுகளில் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வராது. இந்த வார்டுகளுக்கு வரும் பெரிய குழாயில் கசிவு ஏற்பட்டுள்ளது. அதைச் சரிசெய்கிறோம். தேவையான தண்ணீரை 11ஆம் தேதி இரவுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 14ஆம் தேதி காலை வழக்கம்போல் தண்ணீர் வரும். லாரித் தண்ணீர் தேவைப்படுவோர் தெருப் பெயரையும் வார்டு எண்ணையும் சொல்லிப் பேரூராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யலாம்."

இந்த மூன்றாவதில் பேச்சுத் தமிழ் இலக்கணம் ஓர் இடத்தில்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "வார்டுகளில்" என்று வேற்றுமை உருபு முழுதாக இருக்கிறது, "வைத்துக்கொள்ளுங்கள்" என்று விகுதி முழுதாக இருக்கிறது, ஒற்று எல்லாம் அதனதன் இடத்தில் மிகுகிறது. எந்தத் தமிழாசிரியர் கையில் கொடுத்தாலும் சிவப்பு மை விழாது. அப்படி இருந்தும் படிக்கும்போது ஒருவர் எதிரில் நின்று சொல்வது போலத்தான் இருக்கிறது. "வராது", "வரும்", "பிடித்து", "பெரிய குழாய்" எல்லாம் வீட்டில் புழங்குகிற சொற்கள் என்பதுதான் காரணம்.

இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். நான் எதை எழுதினாலும் இதைத்தான் செய்து பார்ப்பேன். அறிவிப்பைப் படித்த ஒருவர், படிக்கத் தெரியாத தன் மாமியாரிடம் போய் அதைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாயில் என்ன மாறுகிறது? மூன்றாவது அறிவிப்பில் "தண்ணீர் வராது" என்பது "தண்ணி வராது" ஆகும், "பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்பது "புடிச்சு வெச்சுக்கணுமாம்" ஆகும். அதாவது ஒலியும் விகுதியும் மாறுகின்றன, சொல் அப்படியே இருக்கிறது. முதல் அறிவிப்பில் "குடிநீர் விநியோகம் நிறுத்தம் செய்யப்படவுள்ளது" என்பதை அவர் எப்படிச் சொல்வார்? ஒரு சொல்கூட மிஞ்சாது, மொத்தத்தையும் மனதுக்குள் மொழிபெயர்த்துத்தான் "தண்ணி வராதாம்" என்பார். அந்த மொழிபெயர்ப்பு வேலையை நாம் அவர் தலையில் கட்டுகிறோம், அதில் அவர் தவறவும் செய்யலாம். ஒலி மாறினால் பரவாயில்லை, சொல்லே மாற வேண்டியிருந்தால் நீங்கள் திருத்த வேண்டும். உங்கள் கோடு அங்கேதான் இருக்கிறது.

தமிழில் இது நமக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது. வராது, முடியாது, கூடாது, கிடையாது, இருக்காது என்று எதிர்மறை வினைகளில் ஒரு பெரிய கூட்டம் எழுத்திலும் பேச்சிலும் ஒரே வடிவத்தில் நிற்கிறது. "வரும்", "போதும்", "உண்டு" போன்றவையும் அப்படித்தான், "வேண்டும்" என்பதற்கும் "வேணும்" என்பதற்கும் இடையே ஒரு மயிரிழைதான் தூரம். அறிவிப்புகளில் பாதிக்கு மேல் எது நடக்கும், எது நடக்காது, எது கூடும், எது கூடாது என்பதுதானே? அவற்றுக்கான வினைகளையெல்லாம் இந்தப் பொது நிலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், அங்கே எழுத்தா பேச்சா என்ற கேள்வியே எழாது.

சரி, விறைப்பு எங்கிருந்து வருகிறது? "நிறுத்தம் செய்யப்படவுள்ளது" என்ற ஒரு தொடரைப் பிரித்துப் பாருங்கள். "நிறுத்து" என்பது ஒரு நல்ல வினை. அதை "நிறுத்தம்" என்று பெயர்ச்சொல் ஆக்கினார்கள். பெயர்ச்சொல் தனியாக நிற்காது என்பதால் "செய்" சேர்த்து மறுபடி வினை ஆக்கினார்கள். அப்புறம் யார் செய்கிறார்கள் என்று தெரியாமல் இருக்கப் "படு" சேர்த்தார்கள். கடைசியில் எதிர்காலத்துக்கு "உள்ளது". நான்கு அடுக்கு. "நிறுத்துகிறோம்" என்றாலோ "வராது" என்றாலோ ஒரே சொல்லில் முடிந்திருக்கும். "சீரமைக்கும் பணிகள் மேற்கொள்ளப்படவுள்ளதால்" என்பதும் இதே கதைதான், "சரிசெய்வதால்" என்றால் தீர்ந்தது. அறிவிப்பில் "மேற்கொள்ள", "செய்ய", "அளிக்க", "நல்க" என்று பொதுவான வினைகள் கண்ணில் பட்டால் உடனே அதற்கு முன்னால் இருக்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள், உண்மையான வினை அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது "இன்" சாரியை. "கசிவினை", "குடிநீரினை", "விண்ணப்பத்தினை". இலக்கணப்படி தவறு இல்லை, ஆனால் "கசிவை", "குடிநீரை", "விண்ணப்பத்தை" என்பதும் அதே அளவு சுத்தமான எழுத்துத் தமிழ்தான். சாரியை போட்டால் சொல்லுக்குக் கோட்டு மாட்டியது போல ஒரு கம்பீரம் வருகிறது என்று நினைத்து எல்லா இடத்திலும் போடுகிறார்கள். எடுத்துவிடுங்கள், எதுவும் குறையாது. "12 மற்றும் 13 ஆகிய இரு தினங்களுக்கு" என்பதில் உள்ள "மற்றும்" கூடத் தேவையில்லை, "12, 13 ஆகிய இரண்டு நாட்களும்" என்றால் போதும்.

இந்த நடையில் பெரும்பகுதி இலக்கியத் தமிழே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆங்கிலத்தில் நிர்வாகம் நடந்த காலத்து அறிவிப்பு வாசகங்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்தது. பொதுமக்கள் "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று தமிழில் இயல்பாக யாரும் சொல்ல மாட்டார்கள், எந்தப் பழைய நூலிலும் அதற்கு முன்மாதிரி தேட முடியாது. ஆகவே இந்த மாதிரித் தொடர்களை நீக்கினால் செந்தமிழுக்குத் துரோகம் செய்வதாக யாரும் வருத்தப்பட வேண்டாம். இலக்கணமாவது ஒழுங்காக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. "அறிவிக்கப்படுவது யாதெனில்" என்று தொடங்கினால் வாக்கியம் "என்பதாகும்" என்றோ "என்பதே" என்றோ முடிய வேண்டும். மேலே உள்ள மாதிரியில் அது "செய்யப்படவுள்ளது" என்று எங்கேயோ போய் முடிகிறது. நீளத்தில் தொடக்கம் மறந்துபோகும், எழுதியவருக்கும் மறந்துபோகும்.

நீளம் என்றதும் இன்னொன்று. தமிழில் வினை கடைசியில் வரும், பெயரை விவரிக்கும் எச்சங்கள் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்து குவியும். எனவே காரணத்தை முதலில் சொல்லத் தொடங்கினால், "குடிநீர் வழங்கும் பிரதான குழாயில் ஏற்பட்டுள்ள கசிவினைச் சீரமைக்கும்" என்று தொங்கிக்கொண்டே போய், "நிறுத்தம்" என்ற சேதி வரும்போது படிப்பவர் பொறுமை தீர்ந்திருக்கும். நின்று படிப்பவருக்கு வேண்டியது எந்த வார்டு, எந்த நாள், என்ன வராது என்பதுதான், அதனால் அது முதல் வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். காரணம் இரண்டாவது வாக்கியம். காரணத்தைத் தனி வாக்கியமாக வெட்டியதுமே "ஆகையால்", "பொருட்டு", "ஏதுவாக", "மேற்படி" எல்லாம் தாமாகவே உதிர்ந்துவிடும், அவற்றை ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டியதில்லை.

முதல் அறிவிப்பில் இல்லாத ஒன்று மூன்றாவதில் இருக்கிறது, கவனித்தீர்களா? தண்ணீர் எப்போது திரும்ப வரும் என்பதும், எப்போதைக்குள் பிடித்துவைக்க வேண்டும் என்பதும். "முன்கூட்டியே" என்று எழுதும்போது நேரத்தைச் சொல்லிவிட்டது போல ஓர் உணர்வு வந்துவிடுகிறது, உண்மையில் சொல்லவில்லை. "11ஆம் தேதி இரவுக்குள்" என்று எளிய சொல்லில் எழுத உட்கார்ந்தால்தான் பொறியாளரிடம் போய் "எப்போ சார் நிறுத்துவீங்க, எப்போ விடுவீங்க" என்று கேட்க வேண்டிய அவசியம் வரும். உங்கள் மக்கள் உள்ளே வந்து மறுபடி கேட்பது பாதி நேரம் மொழி புரியாததால் அல்ல, பதில் அங்கே இல்லாததால்தான் என்பது என் கணிப்பு.

அதே சமயம் எளிமை என்று துல்லியத்தை விட்டுவிடவும் கூடாது. மூன்றாவது மாதிரியில் வெறும் "தண்ணீர் வராது" என்று எழுதாமல் "குடிநீர்க் குழாயில் தண்ணீர் வராது" என்று ஏன் எழுதினேன்? பல ஊர்களில் குடிநீருக்கு ஒரு குழாய், புழங்கும் தண்ணீருக்கு ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து இன்னொரு குழாய். ஒன்று நின்றால் மற்றது நிற்காது. உங்கள் ஊரில் அப்படி இருந்தால் இரண்டாவது மாதிரியில் உள்ள "தண்ணி வராது" என்பது உண்மையிலேயே தவறான செய்தி. "குடிநீர்" என்பது அங்கே கம்பீரத்துக்காக வரவில்லை, வேறுபடுத்துவதற்காக வருகிறது, அதனால் அது இருக்க வேண்டும். ஒரு எழுத்துச் சொல்லை வைப்பதா எடுப்பதா என்று தயங்கும்போது அதை எடுத்தால் பொருள் மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி, பேச்சுத் தமிழில் ஏன் எழுதக் கூடாது என்பது. மரியாதை குறைகிறது என்பது உங்கள் செயல் அலுவலர் சொல்லும் காரணமாக இருக்கலாம், எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பேச்சுத் தமிழுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. வெச்சுக்கோங்க, வச்சுக்கங்க, வச்சிக்கிடுங்க என்று ஒரே சொல்லை ஊருக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், நீங்கள் எதை எழுதினாலும் அது ஒரு பகுதியின், ஒரு வட்டாரத்தின் குரலாகிவிடும், மற்றவருக்கு அது வேறு யாரோ பேசுவது போல இருக்கும். "வைத்துக்கொள்ளுங்கள்" என்பது யார் வீட்டுப் பேச்சும் இல்லை, அதனாலேயே எல்லாருக்கும் பொது. இன்னொரு விஷயம், நாம் பள்ளியில் கண்ணால் படித்துப் பழகியது எழுத்து வடிவத்தைத்தான். "புடிச்சு" என்பதைக் கண் உடனே பிடிக்காது, வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துத்தான் புரியும். எளிமையாக இருக்கட்டும் என்று செய்தது படிக்கும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. அப்புறம், இந்தக் காலத்தில் அரசு அறிவிப்பு மாதிரி எத்தனையோ போலிச் செய்திகள் கைபேசியில் சுற்றுகின்றன, பேச்சு நடையில் இருக்கும் ஒன்றை உண்மை என்று நம்ப மக்கள் யோசிப்பார்கள்.

பேச்சு நடை கூடாது என்றால் எழுத்து நடையில் அலட்சியமும் கூடாது. "பிடித்து கொள்ளவும்", "அலுவலகத்தை தொடர்பு கொள்ளவும்" என்று ஒற்றை விட்டுவிட்டு எழுதினால் அது எளிமை ஆகாது, பிழை ஆகும். "பிடித்துக் கொள்ளவும்", "அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும்". அறிவிப்பின் மதிப்பு பெரிய சொற்களால் வருவதைவிட இந்த ஒற்றுகளால்தான் அதிகம் வருகிறது என்று எனக்குத் தோன்றும்.

நான் அதிகம் யோசிக்கும் இடம் கட்டளை வினைதான். ஏனென்றால் இங்கே நடை மட்டும் அல்ல, சட்டப் பொருளும் மாறும். குடிநீர்க் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "31ஆம் தேதிக்குள் கட்டணத்தைச் செலுத்த வேண்டும்" என்றால் கடமை, செலுத்தாவிட்டால் ஏதோ நடக்கும் என்று பொருள். "செலுத்தவும்" என்றால் ஓர் அறிவுறுத்தல், கட்டாயமா இல்லையா என்பது அதில் தெளிவாக இல்லை. "செலுத்துங்கள்" என்றால் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்வது. "செலுத்தலாம்" என்றால் அனுமதி, வசதி. இதில் எதையும் மற்றதற்குப் பதிலாகப் போட முடியாது. "அபராதம் இல்லாமல் 31ஆம் தேதி வரை செலுத்தலாம்" என்பது நல்ல வாக்கியம். ஆனால் கடைசி நாளைச் சொல்லும் இடத்தில் "31ஆம் தேதிக்குள் செலுத்தலாம்" என்று மட்டும் எழுதி நிறுத்தினால், விருப்பம் இருந்தால் கட்டலாம் போல என்று ஒருவர் வாதாட இடம் கொடுக்கிறீர்கள்.

எனவே கடமை இருக்கும் இடத்தில் "வேண்டும்", தடை இருக்கும் இடத்தில் "கூடாது". இரண்டுமே பேச்சிலும் உள்ள சொற்கள் என்பதால் விறைப்பும் வராது. "மோட்டார் வைத்துக் குடிநீரை உறிஞ்சக் கூடாது." இதை "உறிஞ்சுவதைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று மென்மையாக்கினால் தவறு செய்பவருக்கு அது வேண்டுகோளாகத்தான் படும். மக்களின் உதவியை நாம் கேட்கும் இடத்தில் மட்டும் "-ங்கள்" போடுங்கள், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பது அப்படிப்பட்டது, பிடித்துவைக்காவிட்டால் அபராதம் எதுவும் இல்லையே. "-வும்" என்பது "வரிசையில் வரவும்", "காலணிகளை வெளியே விடவும்" போன்ற ஒரு வரிப் பலகைகளுக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு பத்தியில் அடுத்தடுத்து நான்கு "-வும்" வந்தால் யாரோ கையைக் கட்டிக்கொண்டு உத்தரவு போடுவது மாதிரி ஆகிவிடும்.

கட்டாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதை எழுதும்போது மட்டும் நான் செயப்பாட்டு வினையை விரும்பியே போடுவேன். "மூன்று மாதத்துக்கு மேல் கட்டணம் பாக்கி வைத்திருப்போரின் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்" என்பது ஒரு விதி பேசுவது. "துண்டிப்போம்" என்றால் நான் வந்து வெட்டிவிடுவேன் என்று மிரட்டுவது. விதி செயல்படுகிற இடத்தில், செய்பவர் யார் என்பது முக்கியம் இல்லாத இடத்தில், "படு" இருக்கட்டும். நாம் செய்கிற வேலையைச் சொல்லும்போதும் நம் தவறைச் சொல்லும்போதும் "படு" வேண்டாம், "சரிசெய்கிறோம்", "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று நேராகச் சொல்லிவிடலாம். சில செயப்பாட்டு வினைகளைப் படிப்பவர் பக்கமாகத் திருப்பினாலே போதும். "விண்ணப்பங்கள் 20ஆம் தேதி வரை பெறப்படும்" என்பதில் அலுவலகம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுகிறது. "20ஆம் தேதி வரை விண்ணப்பம் கொடுக்கலாம்" என்றால் அந்தப் பக்கம் நிற்பவர் என்ன செய்யலாம் என்று சொல்கிறது. இலக்கணம் இரண்டிலும் எழுத்துத் தமிழ்தான்.

யார் பேசுவது என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அலுவலகம் செய்கிற வேலைக்கு "நாம்" போடாதீர்கள். "நாம் குழாயைச் சரிசெய்கிறோம்" என்றால் படிப்பவரும் மண்வெட்டியோடு வர வேண்டும் போல இருக்கும். "நாங்கள்" என்றுகூட எழுத வேண்டாம், "சரிசெய்கிறோம்" என்ற வினைமுற்றே அதைச் சொல்லிவிடும். "தாங்கள்" என்பதைத் தனிநபருக்கு அனுப்பும் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பொது அறிவிப்பில் பெரும்பாலும் முன்னிலைப் பெயரே தேவைப்படாது, "உங்கள் இணைப்பு எண்" என்று எங்கேயாவது வந்தால் அது போதுமான மரியாதைதான்.

கடன்சொற்கள் பற்றி நீண்ட சண்டை வேண்டாம். மக்கள் கையில் இருக்கும் தாளில், பொருளில், கவுண்டரில் என்ன பெயர் அச்சடித்திருக்கிறதோ அதையே எழுதுங்கள். அட்டையில் "குடிநீர்க் கட்டண அட்டை" என்று இருந்தால் அதுதான் பெயர், அதை அறிவிப்பில் "பில் புக்" என்றும் எழுத வேண்டாம், "கட்டணப் பதிவேடு" என்று புதிதாக உருவாக்கவும் வேண்டாம். வார்டு, மீட்டர், லாரி, ரசீது, தேதி எல்லாம் எழுத்துத் தமிழில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்ட சொற்கள். தமிழ்ச்சொல் நன்றாகப் புழங்குகிற இடத்தில் கடன்சொல் வேண்டாம், குழாய் இருக்கும்போது பைப் எதற்கு, கசிவு இருக்கும்போது லீக் எதற்கு? ஓர் அறிவிப்புக்குள் ஒரு பொருளுக்கு ஒரே பெயர் என்பதை மட்டும் விடாதீர்கள். முதல் வரியில் கட்டணம், மூன்றாவது வரியில் தொகை, கடைசியில் நிலுவை என்று அழகுக்காக மாற்றி எழுதினால் மூன்று தனித்தனி பணம் கட்ட வேண்டுமோ என்று ஒருவர் வந்து நிற்பார், நிச்சயம் வருவார்.

சட்டப்படி வெளியிட வேண்டிய அறிவிப்புகள் வேறு வகை. வரி உயர்வுக்கு ஆட்சேபணை கேட்பது, ஏலம், ஒப்பந்தப்புள்ளி போன்றவற்றில் சட்டத்தில் உள்ள சொல்லை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை, "ஆட்சேபணை" என்பதை "குறை" என்று மாற்றினால் அது வேறு பொருள். அங்கே சட்டச் சொல்லை அப்படியே வைத்துவிட்டு, அடுத்த வாக்கியத்தில் அதை எப்படிச் செய்வது என்று எளிதாகச் சொல்லுங்கள்: "ஆட்சேபணை உள்ளவர்கள் அதை எழுதிக் கையெழுத்திட்டு 25ஆம் தேதி மாலை 5 மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்." சொல் கடினமாக இருக்கலாம், வாக்கியம் கடினமாக இருக்கக் கூடாது.

உங்கள் அலுவலரைச் சம்மதிக்க வைப்பது மொழியைவிடக் கடினமான வேலையாக இருக்கலாம். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். சட்டகத்தைத் தொடாதீர்கள். மேலே பேரூராட்சியின் பெயர், ந.க.எண், நாள், நடுவில் "அறிவிப்பு" என்ற தலைப்பு, கீழே செயல் அலுவலர் கையொப்பம், முத்திரை, எல்லாம் முன்பு போலவே இருக்கட்டும். ஒரு தாள் அரசாங்கத் தாளாகத் தெரிவதற்கு இவையே போதும், உள்ளே இருக்கும் வாக்கியங்கள் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அலுவலகக் கடிதத்தில் வரும் "பொருள்", "பார்வை" இரண்டையும் பொது அறிவிப்பில் இருந்து எடுத்துவிடுங்கள். அவை கோப்புக்கு வேண்டியவை, "பார்வை 2-ல் காணும் கடிதத்தின்படி" என்று சுவரில் ஒட்டினால் அந்தக் கடிதத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? கோப்பில் உள்ள குறிப்பைப் பழைய நடையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், சுவருக்குப் போகும் தாளை மட்டும் மாற்றுங்கள். விதி இருக்கிறதே என்று யாராவது கேட்டால், 1956ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழி ஆக்கியது, "யாதெனில்" என்று தொடங்கச் சொல்லவில்லை.

ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியதை மட்டும் தனியாக எழுதுங்கள். சுவரொட்டியை அப்படியே ஆட்டோவில் ஏறிப் படிக்கக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம், அங்கேதான் பேச்சுத் தமிழுக்கு உண்மையான இடம் இருக்கிறது, அங்கே யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. தண்டோராக் காலத்து "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்ற தொடருக்கு ஒரு பயன் இருந்தது, பறை கேட்டு ஆள் கூடும் வரை செய்தியைத் தள்ளிப்போட அந்த நீளம் உதவியது. ஓடும் வண்டிக்கு அது ஆகாது. வண்டி ஒரு வீட்டைக் கடக்கும் நேரத்துக்குள் செய்தி முடிந்துவிட வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்லவும் வேண்டும், ஆகவே இரண்டு மூன்று குறுவாக்கியங்கள் மட்டும். காதால் கேட்பவர் பின்னால் திரும்பிப் படிக்க முடியாது என்பதால் "4 முதல் 7 வரை" என்று சொல்லாமல் "நாலு, அஞ்சு, ஆறு, ஏழாவது வார்டு" என்றே சொல்லுங்கள். எழுத்துக்கூட்டல் பிரச்சினையும் அங்கே இல்லை, சொல்பவர் அந்த ஊர்க்காரராக இருப்பார், "வெச்சுக்கோங்க" என்பதா "வச்சுக்கங்க" என்பதா என்பதை அவர் வாயே முடிவு செய்யும். நீங்கள் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியது இவ்வளவுதான்: "நாலு, அஞ்சு, ஆறு, ஏழாவது வார்டு. புதன், வியாழன் ரெண்டு நாள் குடிநீர் வராது. செவ்வாய் ராத்திரிக்குள்ள பிடிச்சு வைங்க. வெள்ளிக்கிழமை காலையில வந்துடும்."